சீஃப் கெஸ்ட் அறிமுகம்: முக்கால் நிமிஷம் போதும்

வணக்கம் சார். நான் ஏற்காட்டுல ஒன்பதாவது படிக்கிறேன், கிளாஸ் லீடர். எனக்கு நாலு பேர் முன்னாடி பேசினாலே குரல் நடுங்கும். அறிவியல் தினத்துக்கு எங்க ஸ்கூல் அசெம்பிளிக்கு ஆர்க்கிட் தோட்டத்துலேர்ந்து ஒரு விஞ்ஞானி மேடம் வராங்க, அவங்களை நான்தான் அறிமுகப்படுத்தணும்னு மிஸ் சொல்லிட்டாங்க. அண்ணன் ஒன்றரை பக்கம் எழுதிக் குடுத்தான், அதைப் படிச்சாலே மூச்சு வாங்குது. சின்னதா எப்படி எழுதுறது சார்?
ஒரு மாணவி, ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

அண்ணன் எழுதினதை நீ அனுப்பலை, ஆனா அதுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, பெருமதிப்பிற்குரிய உதவித் தலைமையாசிரியர் அவர்களேன்னு ஏழெட்டு "அவர்களே" போயிருக்கும், அப்புறம் வந்தவங்களோட படிப்பு, பட்டம், விருது எல்லாம் வரிசையா இருக்கும். கூச்சப்படுற பிள்ளைக்கு இந்த ரெண்டுமே ஆகாது. அவர்களே வரிசையிலேயே மூச்சு தீர்ந்துடும், யாரையாவது விட்டுட்டோமோன்னு பயம் வேற. அதனால முதல்ல அதை எடுத்துடு. மேடையில இருக்கிற பெரியவங்களைப் பேர் சொல்லி வரவேற்கிறது வரவேற்புரை சொல்றவங்க வேலை. நீ சொல்றது அறிமுகம், உனக்கு ஒரே ஒரு வணக்கம் போதும். அப்படித்தான் பிரிச்சிருக்காங்களான்னு மிஸ்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோ.

அறிமுகம் எதுக்குன்னு யோசிச்சுப் பாரு. வெயில்லயோ பனியிலயோ நிக்கிற பிள்ளைங்களுக்கு "இவங்க பேசுறதைக் கேக்கணும்"னு தோணணும், அவ்வளவுதான் அதோட வேலை. எம்.எஸ்ஸி., பிஎச்.டி.ன்னு அடுக்கினா ஆறாவது பிள்ளைக்கு அது தோணாது. அவங்க செய்யிற வேலையிலேர்ந்து ஒரே ஒரு விஷயம், அதுவும் பிள்ளைங்க கண்ணால பார்த்த ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சாத் தோணும். உங்க ஊருக்கு அது சுலபம், ஏன்னா உங்க ஊர்லயே தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கு, பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியா நடத்துறது. மரக்கிளையில தொத்திக்கிட்டு வளர்ற ஆர்க்கிட்டை உங்க பசங்க நிறையப் பேர் பார்த்திருப்பாங்க, பார்த்துட்டு அது மரத்தோட சாறை உறிஞ்சுதுன்னும் நினைச்சிருப்பாங்க. உறிஞ்சுறதில்ல. அது தொற்றுத் தாவரம், நிக்க இடத்துக்கு மட்டும் மரத்தைப் பிடிச்சுக்குது, தண்ணியையும் சத்தையும் மழையிலேர்ந்தும் பட்டைமேல சேர்ற மக்கிலேர்ந்தும் எடுத்துக்குது. அதைவிட ஆச்சரியம் அதோட விதை. தூசி மாதிரி இருக்கும், நெல்லுலயும் அவரையிலயும் இருக்கிற மாதிரி உள்ள சேமிச்ச சாப்பாடு கிடையாது. காட்டுல அது முளைக்கணும்னா ஒரு பூஞ்சை வந்து ஊட்டணும்.

இதுல பூஞ்சை விஷயத்தை நீ சொல்லாத. அது அவங்களோட பேச்சு. நீ கேள்வியில நிறுத்திடு, பதிலை அவங்க சொல்லட்டும். நிறைய அறிமுகம் கெட்டுப்போறது இங்கதான், வந்தவங்க சொல்ல வேண்டியதை அறிமுகம் பண்றவங்களே சொல்லி முடிச்சுடுறாங்க, அப்புறம் அவங்க மைக் பிடிச்சு என்னத்தைப் பேசுறது?

நான் எழுதினா இப்படி எழுதுவேன். கோடு போட்ட இடத்துல மூச்சு விடு.

எல்லாருக்கும் காலை வணக்கம். /
நம்ம ஊர்ல மரக்கிளையில ஒட்டிக்கிட்டு வளர்ற பூச்செடியை / நீங்க பார்த்திருப்பீங்க. / அது ஆர்க்கிட். /
அதோட விதை தூசி அளவுதான் இருக்கும். / உள்ள துளி சாப்பாடு கூட கிடையாது. /
அப்ப அது எப்படி முளைக்குது? /
அதைச் சொல்ல / நம்ம ஏற்காடு ஆர்க்கிட் தோட்டத்துலேர்ந்து / ஒரு விஞ்ஞானி வந்திருக்காங்க. /
இந்தச் செடிகளைக் காப்பாத்துறதுதான் அவங்க வேலை. /
முனைவர் ........ அவர்களை / பேச அழைக்கிறேன்.

நிதானமா படிச்சா முக்கால் நிமிஷத்துக்குள்ள முடியும். உங்க ஸ்கூல்ல மேடைத் தமிழ்தான் வேணும்னா "பார்த்திருப்பீர்கள்", "வந்திருக்கிறார்"னு மாத்திக்கோ, வரியை மட்டும் நீட்டாத.

பேர் ஏன் கடைசியில வருதுன்னா, பேரைச் சொன்னதும் எல்லாரும் கை தட்டுவாங்க. முதல்லயே சொன்னா அந்தக் கைதட்டுல உன் அடுத்த வரி முழுகிடும், நீயும் எங்க விட்டோம்னு தடுமாறுவ. கடைசியில சொன்னா அந்தக் கைதட்டே அவங்களை மைக்குக்குக் கூட்டிட்டு வந்துடும். அதனால பேரு தப்பாகவே கூடாது. மிஸ்கிட்ட சொல்லி அவங்களுக்கு முன்கூட்டியே போன் பண்ணச் சொல்லு, இனிஷியலைத் தமிழ்ல சொல்லணுமா இங்கிலீஷ்லயா, முனைவரா டாக்டரா, அவங்க வேலையை எப்படிச் சொன்னா சரியா இருக்கும்னு கேட்டு எழுதிக்கோ. விதையைப் பத்திச் சொல்லப்போறதையும் அவங்ககிட்டயே ஒருதடவை சொல்லிடு, அவங்க பேசப்போறது வேற விஷயமா இருந்தா நடு வரிகளை அதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்.

குரல் நடுக்கத்துக்கு வருவோம். ஏ4 பேப்பர்ல எழுதாத, கை லேசா ஆடினா பேப்பர் பெருசா ஆடும், மைக் கிட்ட இருந்தா அந்தச் சலசலப்பும் கேக்கும். சார்ட் அட்டையைப் போஸ்ட் கார்டு அளவுக்கு வெட்டி பெரிய எழுத்துல எழுது, ஒரு பக்கம் பத்தலைன்னா ரெண்டு அட்டை. மனப்பாடம் முழுசும் வேண்டாம், முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் பண்ணு, நடுவுல இருக்கிறதைப் பார்த்தே படிக்கலாம். நடுவுல எங்கயாவது கண்ணு இருட்டிடுச்சுன்னா திரும்பத் தேடாத, நேரா கடைசி வரிக்குப் போயிடு. ஒரு வரி போனது உனக்கு மட்டும்தான் தெரியும்.

நடுங்குறவங்க எல்லாம் வேகமா பேசுவாங்க, அதுவும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே. அது பேசுறவங்களுக்குத் தெரியாது. ஆனா "எப்படி முளைக்குது?"ன்னு கேட்டுட்டு நீ மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு எண்ண முடியலைன்னா நீ ஓடிக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். அந்த இடத்துல கண்டிப்பா நிறுத்து, கேள்வி வேலை செய்யிறதே அந்த இடைவெளியிலதான்.

வீட்டுக் கண்ணாடி முன்னாடி பழகினா பெருசா உதவாது. முந்தின நாள் சாயங்காலம் ஃப்ரெண்டைக் கூட்டிட்டு கிரவுண்டுக்குப் போ, அவளைக் கடைசி லைன் நிக்கிற இடத்துல நிறுத்து, கேக்கலைன்னா கை தூக்கச் சொல்லு. மறுநாள் காலையில அசெம்பிளிக்கு முன்னாடியே பி.டி. சார்கிட்ட சொல்லி மைக்கை உன் வாய் உயரத்துக்கு இறக்கிக்கோ, உனக்கு முன்னாடி பேசினவங்க உயரமா இருந்தா ஸ்டாண்டு மேலே இருக்கும், நீ எட்டி எட்டிப் பேசினா குரல் இன்னும் நடுங்கும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் விடு, ரொம்ப ஒட்டினா "ப" வர்ற இடத்துல எல்லாம் டொப்பு டொப்புன்னு அடிக்கும். கண்ணு எங்க வைக்கிறதுன்னு தெரியலைன்னா கடைசி லைன் பிள்ளைங்க தலைக்கு மேல பாரு, முன் வரிசையில உன் கிளாஸ் பசங்க சிரிக்க வெக்கப் பார்ப்பாங்க.

பேரைச் சொன்ன உடனே ஓடிடாத. ஒரு எட்டு பக்கத்துல நகர்ந்து நின்னு நீயும் கை தட்டு, அவங்க மைக்குக்கு வந்ததும் ஸ்டாண்டைத் தூக்கிக் குடுக்கணும்னா குடுத்துட்டு அப்புறம் போ.