உரக் கம்பெனி 3,000 ரூபாய் தருகிறேன் என்கிறது: வாங்கலாமா?

"மாடித்தோட்டம் பற்றி மூன்று வருடமாக யூடியூப் சேனல் நடத்துகிறேன். 22,000 சப்ஸ்கிரைபர்கள் இருக்கிறார்கள். ஒரு திரவ உரக் கம்பெனி 3,000 ரூபாயும் பத்து பாட்டில் உரமும் தருகிறோம், தனி வீடியோ போடுங்கள் என்கிறது. விளம்பரம் என்று சொல்லக்கூடாதாம், ஒரு வருடத்துக்கு வேறு உரத்தைக் காட்டக்கூடாதாம், வீடியோவை அவர்களும் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். எவ்வளவு கேட்பது? பார்வையாளர்களிடம் எப்படிச் சொல்வது?" (வாசகி, கோவை)

அவர்கள் 3,000 ரூபாய்க்குக் கேட்பது ஒரு பொருளை அல்ல, நான்கை: உங்கள் உழைப்பு, உங்கள் காட்சிகளைப் பயன்படுத்தும் உரிமை, ஒரு வருடம் வேறு உரம் பக்கம் போகாத கட்டுப்பாடு, பிறகு உங்கள் மௌனம். முதல் மூன்றுக்கும் தனித்தனி விலை உண்டு. நான்காவது விற்பனைக்கு இல்லை.

கம்பெனி பார்ப்பது சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை அல்ல, வீடியோவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைத்தான். கடைசிப் பத்து வீடியோக்கள் ஒவ்வொன்றும் வெளியான 30 நாளில் பெற்ற வியூஸை எழுதி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 3,900, 4,100, 4,400, 4,600, 4,800, 5,000, 5,200, 5,500, 6,000, 31,000 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். கூட்டிப் பத்தால் வகுத்தால் 7,450. ஆனால் அந்த 31,000 ஒரே ஒரு வீடியோ ஓடியதால் வந்தது. ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் உள்ள 4,900-தான் உங்கள் உண்மையான எண். அதையே கம்பெனியிடம் சொல்லுங்கள். 7,450 என்று சொல்லிவிட்டு வீடியோ 4,500-இல் நின்றால், அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்கள்.

இனி உழைப்பு. உரத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே மண்கலவையில், ஒரே நாளில் நட்ட ஆறு தக்காளி நாற்றுகள் வையுங்கள். மூன்று குரோ பேக்கில் அந்தத் திரவம், மூன்றில் வழக்கமான மண்புழு உரம் மட்டும். தண்ணீரும் வெயிலும் ஆறுக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். ஆறு வாரம் உயரத்தையும் பூக்களின் எண்ணிக்கையையும் வாராவாரம் குறித்து, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரே செடியில் ஊற்றி 'முன்பு, பின்பு' காட்டினால், செழித்தது உரத்தாலா பருவத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு செடியும் பெரிய ஆராய்ச்சி இல்லை, 'எங்கள் மாடியில் இப்படி வந்தது' என்று சொல்லும் அளவுக்குப் போதும்.

இந்தச் சோதனைக்கு வாரம் ஒரு மணி வீதம் 6 மணி, படப்பிடிப்பு 4, எடிட்டிங் 6, கம்பெனியோடு பேச்சு 2, ஆக 18 மணி நேரம். மணிக்கு 350 ரூபாய் என்று வைத்தால் 6,300. நாற்று, மண், பை 700. மொத்தம் 7,000 ரூபாய். இதற்குக் கீழே போனால் கைக்காசைப் போட்டு அவர்களுக்கு விளம்பரம் செய்கிறீர்கள். பத்து பாட்டிலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உரத்தால் மின்கட்டணம் கட்ட முடியாது.

இந்த விலையை 4,900-ஆல் வகுத்தால் ஒரு பார்வைக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 43 காசு. சிறு கம்பெனிக்கு அது கனமாகத் தெரியலாம். அப்போது விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். தனி வீடியோவுக்குப் பதில், தக்காளி வளர்ப்பு பற்றிய உங்கள் வழக்கமான வீடியோவுக்குள் ஒரு நிமிடம் வைக்கலாம். சோதனை 6 மணி, அந்த ஒரு நிமிடத்துக்கான கூடுதல் வேலை 3, பேச்சு 2 என 11 மணி. செலவோடு சேர்த்து 4,550 வருகிறது, பார்வைக்கு 93 காசு. இந்த இரண்டு விலையையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். பேரம் அந்த இரண்டுக்கும் நடுவிலேயே நடக்கும்.

வீடியோவை அவர்கள் விளம்பரமாக ஓட்டுவது தனிக் கணக்கு. 30 நாளுக்கு மட்டும், முகநூல், இன்ஸ்டாகிராம் என்று இடத்தைக் குறிப்பிட்டு, அடிப்படை விலையில் 30 சதவீதம் கூடுதலாகக் கேட்பது எங்கள் பரிந்துரை. காலக்கெடு எழுதாவிட்டால் மூன்று வருடம் கழித்தும் உங்கள் முகம் அவர்கள் உரத்தை விற்றுக்கொண்டிருக்கும். 'வேறு உரம் கூடாது' என்பதை 'வேறு கம்பெனியின் திரவ உரத்துக்கு 45 நாள் ஸ்பான்சர் வாங்குவதில்லை' என்று சுருக்குங்கள். ஒரு வருடம்தான் வேண்டுமென்றால், அதனால் கைவிடப்போகும் வாய்ப்புகளின் தொகையைக் கேளுங்கள். பஞ்சகவ்யமும் மண்புழு உரமும் எந்த நிலையிலும் அந்தத் தடைக்குள் வரக்கூடாது. அவை இல்லாமல் மாடித்தோட்டச் சேனல் ஏது?

ஒப்பந்தத்தில் பாதிப் பணம் முன்பணம், மீதி வெளியான 15 நாளில் என்று இருக்கட்டும். தகவல் பிழை இருந்தால் ஒருமுறை திருத்தலாம், கருத்தைத் திருத்த முடியாது என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் தகராறு வருவது சோதனை சரியாக வராதபோதுதான். அப்படியானால் வீடியோ வராது, முன்பணம் சோதனைச் செலவுக்குச் சரி என்ற ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

'விளம்பரம் என்று சொல்லாதீர்கள்' என்பதற்குப் பேரமே கிடையாது. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பணம் மட்டுமல்ல, இலவசப் பொருளும் தள்ளுபடியும்கூடச் சொல்லியாக வேண்டிய தொடர்புதான். வீடியோ என்றால் கீழே உள்ள விவரக் குறிப்பில் எழுதினால் போதாது, வீடியோவுக்குள்ளேயே வாயாலும் சொல்ல வேண்டும், எழுத்தாலும் காட்ட வேண்டும். இந்திய விளம்பரத் தரக் குழுவான ஆஸ்கியின் விதிப்படி, இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க 'விளம்பரம்' என்ற எழுத்து திரையில் நிற்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், ஒரு வருடம் வரை விளம்பரம் செய்யத் தடையும் விதிக்கலாம். பொருளைச் சரிபார்க்கத் தக்க முயற்சி எடுத்தவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த ஆறு செடிக் குறிப்பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

'இந்த வீடியோவுக்கு ஆதரவளித்தவர்களுக்கு நன்றி' என்பது அறிவிப்பு ஆகாது, யாருக்கும் புரியாது. பொருளைக் காட்டுவதற்கு முன்பே இப்படிச் சொல்லுங்கள்: 'இப்போது வரும் ஒரு நிமிடம் விளம்பரம். இந்த உரக் கம்பெனி எனக்குப் பணம் கொடுத்திருக்கிறது, உரத்தையும் இலவசமாகத் தந்தது. மூன்று செடிக்குப் போட்டும் மூன்று செடிக்குப் போடாமலும் பார்த்ததைக் காட்டுகிறேன்.' பத்துப் பதினைந்து விநாடி போதும். விவரக் குறிப்பின் முதல் வரியிலும் எழுதுங்கள். உங்களுக்குக் கமிஷன் வரும் லிங்க் இருந்தால் அதன் பக்கத்திலேயே அதையும் சொல்லுங்கள்.

யூடியூப் ஸ்டுடியோவில் வீடியோவின் Details பக்கத்தில் Show more அழுத்தினால் Paid promotion பகுதி வரும், அங்கே டிக் செய்யுங்கள். வீடியோ தொடங்கும்போது Includes paid promotion என்ற வரி சில விநாடி தெரியும். அது யூடியூபின் விதிக்கு மட்டும். உங்கள் தமிழ்ப் பார்வையாளருக்கான அறிவிப்பு உங்கள் குரலில் வந்தாக வேண்டும்.

வரி விஷயம் ஒன்று. ஒரு நிதியாண்டில் ஒரு கம்பெனி தரும் இலவசப் பொருட்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டி.டி.எஸ். உண்டு. திருப்பிக் கொடுத்த பொருள் இதில் சேராது, நீங்கள் வைத்துக்கொண்டது சேரும். பத்து பாட்டில் உரம் அந்த அளவுக்கு வராது. ஆனால் நாளை ஒரு கேமரா கம்பெனி வந்தால் வரும்.

விளம்பரம் என்று சொல்ல விடாத கம்பெனிக்கு இப்படி எழுதுங்கள்: 'அறிவிப்போடு என்றால் இந்த விலை. அறிவிப்பு இல்லாமல் செய்வதில்லை.'