நகைக்கடன் வாங்கிப் பாடச் சேனல் தொடங்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சம்பளம் 22,000 ரூபாய். மாலை டியூஷனில் மாதம் 6,000 வருகிறது. யூடியூபில் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று தமிழ்வழிப் பாடங்கள் போடலாம் என்று இருக்கிறேன். கேமரா, லைட், லேப்டாப் வாங்க நகையை வைத்து 80,000 ரூபாய் கடன் எடுக்கலாமா? நேரம் போதாததால் டியூஷனை விட்டுவிடலாமா? ஆறு மாதத்தில் வருமானம் வருமா?

பதில்: நகையை வைக்க வேண்டாம், டியூஷனையும் விட வேண்டாம். சேனலைத் தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் ஆறு மாதத்தில் விளம்பர வருமானம் வரும் என்று எந்தச் செலவையும் அதன்மேல் ஏற்றாதீர்கள். ஏன் என்பதைக் கணக்கு ஆசிரியரான உங்களுக்குக் கணக்காகவே காட்டிவிடலாம்.

விளம்பரப் பணத்தில் பங்கு கிடைக்க முதலில் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, கடந்த 12 மாதங்களில் உங்கள் வீடியோக்களை மக்கள் மொத்தம் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு வழி, 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடி பார்வைகள் பெறுவது. பாடச் சேனலுக்கு அந்த வழியை மறந்துவிடுங்கள். 500 சந்தாதாரர், 3,000 மணி நேரம் என்று ஒரு கீழ்ப்படியும் உண்டு. அதில் பார்வையாளர்கள் விரும்பிக் கொடுக்கும் தொகையும் உறுப்பினர் கட்டணமும் பெறலாமே தவிர, விளம்பரப் பங்கு கிடையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

நீங்கள் சொல்லும் மூன்று நிமிடப் பாடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோவைச் செங்குத்தாகவோ சதுரமாகவோ எடுத்தால் யூடியூப் அதை ஷார்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். ஷார்ட்ஸ் ஓட்டத்தில் ஒரு லட்சம் பேர் பார்த்தாலும் அந்த நேரம் 4,000 மணியில் சேராது. பல ஆசிரியர்கள் ஒரு வருடம் உழைத்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். அதனால் போனைப் படுக்கைவாட்டில் வைத்து, ஒரு கணக்கை முழுதாகத் தீர்க்கும் ஏழு எட்டு நிமிடப் பாடமாக எடுங்கள். அதில் ஒரு நுணுக்கத்தை மட்டும் தனியே 40 விநாடி ஷார்ட்ஸாகப் போட்டு, முழுப் பாடத்தைத் தொடர்புடைய வீடியோவாக இணையுங்கள். ஷார்ட்ஸ் கடை வாசலில் தொங்கும் பலகை மாதிரி, வியாபாரம் உள்ளேதான்.

இப்போது கணக்கு. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். எட்டு நிமிடப் பாடத்தை ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 80,000 பார்வைகள் வேண்டும். வாரம் இரண்டு வீதம் ஜூனிலிருந்து ஜனவரிவரை சுமார் 60 பாடங்கள் போட முடியும். ஒரு பாடத்துக்குச் சராசரி 1,300 பார்வைக்கு மேல் வர வேண்டும். புதுச் சேனலுக்கு இது எளிதல்ல, முடியாததும் அல்ல. பெரும்பாலும் ஐந்தாறு பாடங்கள்தான் பாதிச் சுமையைத் தாங்கும்.

தகுதி கிடைத்துவிட்டது என்றே வைப்போம். முழுநீள வீடியோவில் வரும் விளம்பர வருவாயில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸில் உங்கள் பங்காக ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம். தமிழ்நாட்டு மாணவர்கள் பார்க்கும் பாடத்துக்கு, கையில் வருவது ஆயிரம் பார்வைக்கு 30 ரூபாய் என்று திட்டமிடுங்கள். கூடக் கிடைத்தால் நல்லது. கணக்கை இதில் போடுவதே பாதுகாப்பு. மாதம் 20,000 பார்வை வந்தால் 600 ரூபாய். ஆண்டுக்கு 7,200. நீங்கள் எடுக்க நினைக்கும் 80,000 ரூபாய் நகைக்கடனுக்கு 9.5 சதவீத வட்டி என்றால் ஆண்டு வட்டி மட்டும் 7,600. சேனல் தகுதி பெற்ற பிறகும் வட்டிக்கே 400 ரூபாய் கைக்காசு போட வேண்டும். அசல் அப்படியே நிற்கும். நகை வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

இன்னும் ஒன்று. கணக்கில் 100 டாலர் சேராமல் கூகுள் பணம் அனுப்பாது. டாலர் 90 ரூபாய் என்றால் அது 9,000 ரூபாய். மாதம் 600 வீதம் முதல் தொகை வங்கிக்கு வரவே 15 மாதம் ஆகும்.

கருவிக்கு 5,000 ரூபாயைத் தாண்டாதீர்கள். இப்போது இருக்கும் போன் போதும். மேலிருந்து கீழே பார்க்கும் ஸ்டாண்ட் ஒன்று, வயர் உள்ள காலர் மைக் ஒன்று, இருபுறமும் வைக்க இரண்டு எல்இடி பல்புகள், இவ்வளவுதான். முகம் காட்டத் தேவையில்லை. தாளும் கையும் தெரிந்தால் போதும். எடுக்கும்போது இரண்டு இடத்தில் கெட்டுப்போகும். கை உள்ளே வரும்போதெல்லாம் படம் வெளுத்துக் கறுக்கும். திரையை அழுத்திப் பிடித்து ஒளியையும் ஃபோகஸையும் பூட்டிவிட்டால் இது நிற்கும். மற்றொன்று, சில விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் அது மறையும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். படம் சுமாராக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் தெளிவில்லை என்றால் உடனே போய்விடுவார்கள்.

எந்தப் பாடத்தில் தொடங்குவது என்பதுதான் பார்வையைத் தீர்மானிக்கும். முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். பொதுத்தேர்வில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாக 16 மதிப்பெண் இருக்கிறது. வடிவொத்த முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் ஆகியவற்றைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்வது கடினம். கை வரைவதைப் பார்த்தால் விளங்கிவிடும். மேலிருந்து கீழே பார்த்து எடுக்கும் உங்கள் படப்பிடிப்புக்கும் இவையே பொருத்தம். முதல் 15 பாடங்களை இங்கேயே செலவிடுங்கள். தலைப்பில் வகுப்பு, பாடத்தின் பெயர், பயிற்சி எண், தமிழ்வழி என்பவை கட்டாயம் இருக்கட்டும். பிள்ளைகள் பயிற்சி எண்ணைத்தான் தேடுகிறார்கள். பாடநூல் பக்கத்தைப் படமெடுத்து ஒட்டாமல் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு போட்டால் உரிமையாளர் கோரிக்கை வந்து, அந்த வீடியோவின் வருமானமே அவர்களுக்குப் போகலாம்.

ஏற்றுவதற்கு முன் விடையை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். யூடியூபில் போட்ட வீடியோவை அதே முகவரியில் மாற்றி வைக்க முடியாது. தவறான பகுதியை வெட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். தவறு நடுப்படியில் இருந்து, வெட்டினால் கணக்கே உடையும் என்றால் வீடியோவை நீக்க வேண்டிவரும். நீக்கினால் அதற்குச் சேர்ந்த மணி நேரமும் 4,000இலிருந்து கழிந்துவிடும். அதனால் ஒரு கணக்கு, ஒரு வீடியோ என்று வைத்தால் சேதம் சிறிதாக இருக்கும்.

ஏற்றும்போது குழந்தைகளுக்கானதா என்று கேட்கும். பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு "No, it's not made for kids" என்பதே சரி. இங்கே பயந்துபோய் ஆமாம் என்று போட்டால் கருத்துப் பகுதி மூடப்படும், ஆளுக்கேற்ற விளம்பரமும் நின்று வருமானம் குறையும். பின்னாளில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு போடுவீர்களானால் அதற்கு ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மணி நேரமும் சந்தாதாரரும் விற்கிறேன் என்று கண்டிப்பாக யாராவது வருவார்கள். வாங்காதீர்கள். செயற்கையாக ஏற்றிய எண்ணிக்கை செல்லாது, சேனலே முடக்கப்படலாம். காசு கட்டி யூடியூபில் விளம்பரம் கொடுத்துப் பெறும் பார்வை நேரமும் 4,000இல் சேராது.

காலத்தையும் கவனியுங்கள். உங்கள் பார்வைகள் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு முன் ஏறி, பிப்ரவரி மார்ச்சில் உச்சம் தொட்டு, மே மாதம் விழும். 12 மாதக் கணக்கு நகர்ந்துகொண்டே இருப்பது. போன மார்ச்சின் மணி நேரம் இந்த மார்ச் முடிந்ததும் உதிர்ந்துவிடும். ஆகவே தகுதி கிடைக்கும் வாய்ப்பு உங்களுக்கு மார்ச், ஏப்ரலில்தான் அதிகம். மே மாதச் சரிவைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

டியூஷன் விஷயம். ஒரு பாடத்துக்குத் தயாரிப்பு, பதிவு, எடிட்டிங் எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் ஆகும். 60 பாடத்துக்கு 240 மணி. டியூஷனுக்கு மாதம் 40 மணி நேரம் செலவிடுகிறீர்கள் என்றால் உங்கள் ஒரு மணிக்கு 150 ரூபாய் மதிப்பு. அப்படிப் பார்த்தால் சேனலில் போடும் உண்மையான முதலீடு 36,000 ரூபாய், கேமரா அல்ல. அதைச் சனி, ஞாயிறில் வாரம் எட்டு மணி நேரமாகப் போடுங்கள். மாலை நேரத்தைத் தொடாதீர்கள்.

அந்த உழைப்பு முதல் ஆண்டில் திரும்பி வரும் வழி விளம்பரம் அல்ல, மாணவர்கள். ஜனவரியில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் மட்டும் ஓர் ஆன்லைன் திருப்புதல் வகுப்பு அறிவியுங்கள். 15 பேர், மாதம் 600 ரூபாய், மூன்று மாதம் என்றால் 27,000. அதற்குச் சேனலில் இலட்சம் பார்வை தேவையில்லை. உங்கள் விளக்கத்தை நம்பும் 15 வீடுகள் போதும். முன்னதாகப் பள்ளி கொடுத்த பணி ஆணையை எடுத்துப் படியுங்கள். தனி வகுப்புக்கோ சேனலுக்கோ தடை இருந்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பள்ளி வளாகத்திலோ மாணவர் முகம் தெரியவோ எடுக்காதீர்கள்.

தகுதி வந்ததும், கூகுள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஆட்சென்ஸ் கணக்கில் பெயரை வங்கிக் கணக்கில் உள்ளபடியே எழுதுங்கள். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். கதவிலக்கம் தவறினால் அந்தத் தபாலே வந்து சேராது. அமெரிக்க வரிப் படிவம் W-8BEN நிரப்பக் கேட்பார்கள்; விடாதீர்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதும் வந்த வருமானத்தில் 24 சதவீதம்வரை பிடிக்கலாம். நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பகுதிக்கு மட்டும், இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம். உங்கள் மாணவர்கள் இங்கே இருப்பதால் அது பெயரளவுக்குத்தான் இருக்கும். இங்கே சம்பளம், டியூஷன், சேனல் மூன்றையும் கூட்டிக் காட்ட வேண்டும். இப்போதைய உங்கள் வருமான அளவில் புதிய வரி முறையில் வரி வராது. ஆனாலும் ஸ்டாண்ட், மைக் வாங்கிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மார்ச் முடிவில் சேனலின் பார்வை நேரத்தைப் பாருங்கள். 60 பாடத்துக்குப் பிறகும் 1,500 மணியைத் தொடவில்லை என்றால் புதுப் பாடங்களை நிறுத்திவிட்டு, தேடலில் வந்து அதிக நேரம் பார்க்கப்பட்ட ஐந்து பாடங்கள் எவை என்று கண்டு, அடுத்த ஜூனில் அதே வகையை மட்டும் எடுங்கள். லேப்டாப்பை அந்தத் திருப்புதல் வகுப்புப் பணத்தில் வாங்கலாம்.