ஐந்து பக்கம் வெள்ளையாக வந்தால்…

“காணி உறுதியின் மூலப்பிரதி கனடாவில் அண்ணாவிடம் இருக்கிறது. எட்டுப் பக்கத்தையும் ஸ்கான் பண்ணி, ஊருக்கு வந்த ஒருவரிடம் பென் டிரைவில் கொடுத்துவிட்டார். பிடிஎவ் இங்கே திறக்குதில்லை. மகனின் கணினியில் மூன்று பக்கம் வருது, மிச்சம் வெள்ளை. அண்ணா 6 எம்பி என்கிறார், இங்கே 2 எம்பிதான் காட்டுது. கடைக்காரர் ‘ரிக்கவரி’க்கு 7500 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?” – வாசகி, புதுக்குடியிருப்பு

கொடுக்காதீர்கள். 2 எம்பி என்ற இடத்திலேயே விடை இருக்கிறது. கோப்பு முழுதாக ஏறுமுன் பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு அதற்குள் வந்து சேரவேயில்லை. வராததை எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது.

உறுதிப்படுத்த வேண்டுமா? ஒரு பிரதி எடுத்து அதை நோட்பேடில் திறவுங்கள். கிறுக்கல்தான் தெரியும், பயம் வேண்டாம். முதல் வரி `%PDF` என்று தொடங்கும். நல்ல கோப்பின் கடைசியில் `%%EOF` இருக்கும். எந்தப் பக்கம் கோப்பில் எங்கே கிடக்கிறது என்ற அட்டவணையும் அந்தக் கடைசியிலேயே இருப்பதால், வால் அறுந்தால் செயலி திகைத்துப்போகிறது. பார்த்ததும் சேமிக்காமல் மூடுங்கள். சேமித்தால் உள்ளதும் கெடும்.

இருக்கிற மூன்று பக்கத்தை ஒழுங்காக்க `mutool` என்ற இலவசக் கருவி போதும். அது கோப்பைத் துழாவி அட்டவணையைப் புதிதாக எழுதும். உங்கள் கோப்பின் பெயர் uruthi.pdf என்றால், கட்டளைச் சாளரத்தில் இப்படி அடிக்கும்படி மகனிடம் சொல்லுங்கள்:

```
mutool clean uruthi.pdf puthiyathu.pdf
```

புதிய கோப்பு திறக்கும், ஆனால் ஐந்து பக்கம் அப்போதும் வெள்ளையாகவே இருக்கும். ஆகவே அண்ணாவிடம் மின்னஞ்சலில் மறுபடி கேளுங்கள். காசு செலவில்லை.

வெள்ளைப் பக்கம் என்றாலே கோப்பு பழுது என்றும் இல்லை. இதை நான் அடிக்கடி சொல்லவேண்டியிருக்கிறது. அளவு குறையாமல், `%%EOF` உம் இருந்து, பக்கம் மட்டும் வெறுமையாக வந்தால் கோப்பு நலம். உங்கள் செயலிக்குத்தான் அந்தப் படத்தை விரிக்கத் தெரியவில்லை. சில ஸ்கானர்கள் படத்தை அபூர்வமான முறையில் சுருக்கி வைக்கும். பழைய போன் செயலிகள் அதில் தடுமாறும். கணினியில் Adobe Reader அல்லது SumatraPDF கொண்டு திறந்து பாருங்கள். தெரிந்துவிட்டால், அங்கிருந்தே அச்சு என்று கொடுத்து Microsoft Print to PDF ஐத் தெரிவுசெய்யுங்கள். வரும் புதிய கோப்பு பெரும்பாலும் எங்கும் தெரியும். இந்த வேலைக்குத்தான் ‘ரிக்கவரி’ என்று பெயர் வைத்துக் காசு பறிக்கிறார்கள்.

இணையத்தில் ‘இலவசமாகத் திருத்தித் தருகிறோம்’ என்னும் தளங்களில் உறுதியை ஏற்றாதீர்கள். பெயர், எல்லை, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் முகம் தெரியாதவன் கையில் போகும். கடைக் கணினியில் திறந்தாலும் பிரதியை அழித்துவிட்டு எழும்புங்கள்.

இன்னொன்று. கந்தோரில் ‘2 எம்பிக்குள் அனுப்பு’ என்பார்கள். அதற்காக நாம் கண்ட செயலியில் நசுக்கி எழுத்தே தெரியாமல் ஆக்கினால், பிறகு ‘தெளிவில்லை’ என்று திருப்பி அனுப்புவதும் அவர்களே! அண்ணாவைக் கறுப்பு வெள்ளையில், 200 டிபிஐயில் ஸ்கான் பண்ணச் சொல்லுங்கள். எட்டுப் பக்கம் அதற்குள் அடங்கும்.