‘ஹை ஃபைபர்’ பாரில் இருக்கும் இனுலின்

கேள்வி: அம்மாவுக்கு மலச்சிக்கல்னு ‘ஹை ஃபைபர், ப்ரீபயாட்டிக்’ என்று போட்ட சீரியல் பார் வாங்கிக் கொடுத்தேனுங்க. பின்பக்கம் பார்த்தால் இனுலின் என்று இருக்கிறது. இதுவும் ராகி, கம்பு நார்ச்சத்து மாதிரிதானா? சாப்பிட்டால் வயிறு வேறு உப்பிக்கொள்கிறது என்கிறார்.

பதில்: பெருந்துறைப் பக்கம் ஒரு தின்பண்ட ஆலையில் புதுப் பண்டங்களுக்குப் பக்குவம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இனுலின் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவது எங்களுக்கு அன்றாட வேலை. பார்க்கப் பால்பவுடர் மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். நாக்கில் வைத்தால் லேசான தித்திப்பு, நறநறப்பே கிடையாது. தவிடு சேர்த்தால் பார் கறுத்து, தொண்டையில் உரசும். இது எதில் கலந்தாலும் தெரியாது. ஆலைக்காரர்களுக்கு இது பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

எடுப்பது சிக்கரிக் கிழங்கிலிருந்து, பெரும்பாலும் பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம். நம் காபித் தூளில் கலக்கிறார்களே, அந்தச் சிக்கரியேதான். காபிக்கு வறுக்கும்போது இனுலினில் கணிசமான பங்கு சிதைந்துவிடும், அதனால் ஃபில்டர் காபியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆலையில் கிழங்கைச் சீவி வெந்நீரில் ஊறவைத்து, இறங்கிய சாற்றைச் சுத்தம் செய்து பொடியாக உலர்த்துகிறார்கள். அட்டையில் இனுலின், சிக்கரி ரூட் ஃபைபர், ஒலிகோஃப்ரக்டோஸ், எஃப்.ஓ.எஸ். என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஒரே குடும்பம். ஃப்ரக்டோஸ் சர்க்கரை சங்கிலியாகக் கோத்திருக்கும், சங்கிலியின் நீளம்தான் வேறு.

சரி, உங்கள் பாரில் எவ்வளவு இருக்கிறது? அட்டையை வைத்தே ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். 40 கிராம் பார், நார்ச்சத்து 7 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருள் பட்டியலில் பேரீச்சை 25%, ஓட்ஸ் 15%, அப்புறம் இனுலின், அதற்குப் பின்னால் ராகி 5%, பாதாம் 5%. பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்குப் போகும் என்பது சட்டம். 40 கிராமில் 25% என்றால் பேரீச்சை 10 கிராம், அதில் நார் முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல். 6 கிராம் ஓட்ஸில் அரை கிராம் சொச்சம். ராகியும் பாதாமும் இரண்டிரண்டு கிராம்தான், இரண்டும் சேர்ந்து அரை கிராம் கொடுத்தாலே பெரிது. ஆக மொத்தம் 2 கிராம். மீதி 5 கிராம் இனுலின் தந்தது. அட்டை முழுக்க ராகிக் கதிர் படம் போட்டிருப்பார்கள், ஆனால் அந்த 7 கிராமில் ராகியின் பங்கு கால் கிராம்கூட வராது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதிப்படி 100 கிராமில் 6 கிராம் நார் இருந்தால் ‘ஹை ஃபைபர்’ என்று போடலாம். அது தானியத்திலேயே இருந்ததா, பொடியாக வந்து சேர்ந்ததா என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை. மைதா பிஸ்கட்டில்கூட இனுலினைக் கொட்டி ‘ஹை ஃபைபர்’ என்று போட்டுவிடலாம். ராகி மாவில் இயல்பாகவே 100 கிராமுக்கு 11 கிராம் போல இருக்கிறது, கம்பிலும் ஏறக்குறைய அவ்வளவே. அதைப் பொட்டலம் போட்டு விற்கிற மளிகைக்கடைக்காரர் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

ராகி நாரும் இதுவும் ஒன்றா என்றால், வேலை வேறு. ராகி, கம்பு, பயறு இவற்றின் நாரில் பெரும்பகுதி கரையாதது. அது மலத்துக்குப் பருமன் கொடுக்கும், கூடவே மற்ற சத்துகளும் வரும். இனுலின் தண்ணீரில் கரைந்துவிடும், ஆனால் இசப்கோல் மாதிரி கொழகொழவென்று கூழாகாது. அதனால் ஓட்ஸிலிருக்கும் பீட்டா குளூக்கான் என்ற நார், இசப்கோல் ஆகியவற்றுக்குச் சொல்கிற கொலஸ்ட்ரால் குறைப்பை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். இது சிறுகுடலில் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே பிஃபிடோபாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் இதைத் தின்று பெருகும். ப்ரீபயாட்டிக் என்று சொல்வது அதைத்தான், அந்த மட்டில் உண்மை.

மலச்சிக்கலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. சிக்கரி இனுலின் மலம் கழிக்கும் தடவையைக் கூட்டி, குடல் இயல்பாக வேலைசெய்ய உதவுகிறது என்று சொல்ல ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அனுமதி கொடுத்தது. நிபந்தனை, நாளைக்கு 12 கிராம். மேலே சொன்ன பாரில் அதற்கு இரண்டுக்கும் மேல் தின்ன வேண்டும். பேரீச்சையும் சிரப்புமாக அவ்வளவு இனிப்பு உள்ளே போனால் உங்கள் அம்மாவுக்கு அது வேறு தொந்தரவு. ஒரு கிண்ணத்துக்கு ஒரு கிராம் கலந்துவிட்டு ‘ப்ரீபயாட்டிக்’ என்று பெரிய எழுத்தில் போடும் காலைச் சீரியல்களும் இருக்கின்றன. என் கணக்கில் அது அலங்காரம்.

வயிறு உப்புவதற்கும் காரணம் அதே நுண்ணுயிர்கள்தான். தின்றதும் வாயு விடும். சங்கிலி குட்டையாக இருந்தால் (ஒலிகோஃப்ரக்டோஸ்) சீக்கிரம் புளித்து, வாயு ஒரேயடியாகக் கிளம்பும். பாரில் இந்தக் குட்டை ரகத்தையும் போடுவதுண்டு, ஏனென்றால் சிரப்பாக இருந்து ஓட்ஸை ஒட்டவைக்கும் வேலையும் செய்துவிடும். கோபியிலிருக்கும் என் பெரியம்மா ஒரு பார் தின்றுவிட்டு, “ஏங் கண்ணு, வயிறு கடமுடாங்குது, இதையா ஒடம்புக்கு நல்லதுன்னு கொண்டாந்து குடுத்தே?” என்றார். 5 கிராம் பலருக்குத் தாங்கும், 10 கிராம் போனால் நிறையப் பேருக்குத் தொந்தரவு தெரியும், ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் கோளாறு இருப்பவர்களுக்குக் கொஞ்சமே போதும்.

இனுலின்தானா என்று உறுதிப்படுத்த, நாலைந்து நாள் பாரை நிறுத்துங்கள். உப்புசம் போனால், பிறகு அரைப் பார் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் பால்பவுடர், வே புரோட்டீன், மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அவையும் இதே வேலையைக் காட்டும். சின்ன வெங்காயம், பூண்டு நிறையப் போட்ட குழம்பு சாப்பிட்டாலும் அம்மாவுக்கு உப்புமா என்று கேளுங்கள். அவற்றிலும் இதே ஃப்ரக்டோஸ் சங்கிலிதான் இருக்கிறது. உப்பும் என்றால் பாரை விட்டுவிடலாம்.

அதே 7 கிராம் நார் வேண்டுமென்றால் 60 கிராம் ராகி மாவில் கிளறிய ஒரு உருண்டைக் களியில் கிட்டத்தட்ட வந்துவிடும். கூட ஒரு கரண்டி பச்சைப்பயறு கடைந்து ஊற்றினால், தோலோடு 30 கிராம் பயறுக்கு இன்னொரு 5 கிராம். ஒரேயடியாகக் கூட்டினால் இதிலும் வாயு வரும், அதனால் வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுங்கள். தண்ணீரும் கூடவே ஏற வேண்டும். வழக்கத்தில் திடீர் மாற்றம், ரத்தம், எடை குறைவு என்று ஏதாவது இருந்தால் நார்ச்சத்தை நம்பி நாளைத் தள்ளாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். பட்டியலில் ஐசோமால்ட்டோ ஒலிகோசாக்கரைடு, சுருக்கமாக ஐ.எம்.ஓ., என்ற சிரப் இருக்கிறதா? இனுலின் மாதிரியே பாரை ஒட்டவைக்கவும் நார்ச்சத்துக் கணக்கைக் கூட்டவும் போடுகிறார்கள். ஆனால் அதில் நல்ல பங்கு சிறுகுடலிலேயே செரித்துச் சர்க்கரையை ஏற்றும். 2018இல் இனுலினை நார்ச்சத்தாக ஏற்ற அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ., ஐ.எம்.ஓ.வை ஏற்கவில்லை.