டிவியின் பங்கு ஏன் நிலைக்கவில்லை?

"டிவி, நாளிதழ், யூடியூப் மூன்றிலும் விளம்பரம் தருகிறோம். யார் எதைப் பார்த்து வாங்கினார் என்று தெரியாது. இரண்டு ஆண்டு வாரச் செலவு, விற்பனைக் கணக்கை ஒவ்வொரு விளம்பரத்தின் பங்கையும் கணிக்கும் புள்ளியியல் மாதிரியில் போட்டால், விற்பனையில் டிவியின் பங்கு ஒவ்வொரு முறையும் மாறுகிறது."

தீபாவளிக்கு மூன்று செலவையும் சேர்த்தே ஏற்றியிருப்பீர்கள். அப்போது விற்பனை உயர்வை எதன் பெயரில் எழுதுவது என்று மாதிரியால் பிரிக்க முடியாது. பண்டிகையையும் தள்ளுபடியையும் தனி மாறிகளாகச் சேருங்கள். விளம்பரம் வந்த வாரத்துக்குப் பிறகும் மிஞ்சும் தாக்கத்தையும் சேர்க்க வேண்டும்: வாரத்துக்குப் பாதி மிஞ்சுவதாகக் கொண்டால், 1,00,000 ரூபாய்ச் செலவின் தாக்கம் அடுத்த வாரம் 50,000 ரூபாய்க்கு, பிறகு 25,000 ரூபாய்க்குச் சமமாகத் தொடரும்.

இவை மட்டும் போதாது. விற்பனை ஒன்றாக ஏறி இறங்கும் இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்து, பண்டிகையில்லாத மாதத்தில் ஒன்றில் மட்டும் யூடியூபை நான்கு வாரம் நிறுத்துங்கள். மற்ற ஊரைவிட அங்கே கூடுதலாகக் குறையும் விற்பனை யூடியூபின் பங்கைக் காட்டும். மாதிரி வேறு எண்ணைச் சொன்னால், நான் சோதனையைத்தான் நம்புவேன்.