"97% துல்லியம்" என்ற தலைப்பைப் பார்த்ததும் என்ன கேட்க வேண்டும்? – கேள்வி பதில்

மருத்துவ ஆராய்ச்சிகளில் கணக்குப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. நான் டாக்டர் இல்லை. போன வாரம் ஒரு செய்தித் தலைப்பைப் பற்றி நான் முணுமுணுத்ததற்கு வந்த கேள்விகளும், என்னால் முடிந்த பதில்களும் கீழே.

"சார், ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து புற்றுநோயை 97% துல்லியமாகக் கண்டுபிடிக்கும் ஏஐ வந்துவிட்டதாம். நம்பலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்." – கல்லூரி மாணவர், திருச்சி

ஒரே வரியில் முடியாது தம்பி. அந்த 97 யாரை எண்ணி வந்தது என்பது தலைப்பில் இல்லை. அது தெரியாமல் நம்புவதற்கும் ஒன்றுமில்லை, மறுப்பதற்கும் ஒன்றுமில்லை.

இதே மாதிரி ஒரு பழைய செய்தியைச் சொல்கிறேன். 2002 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. ரத்தத்தில் உள்ள புரதங்களின் எடையை மேடுபள்ளமான வரைபடமாகப் போடும் இயந்திரம் ஒன்று; அந்த வரைபடத்தைப் பார்த்து "இது சினைப்பைப் புற்றுநோய், இது இல்லை" என்று பிரிக்கக் கற்றுக்கொண்ட நிரல் ஒன்று. முதலில் 100 மாதிரிகளைக் கொடுத்துப் பழக்கினார்கள். அப்புறம் அது பார்த்திராத 116 மாதிரிகளைக் கொடுத்தார்கள். அதில் புற்றுநோய் உள்ளவை 50. ஐம்பதையும் பிடித்துவிட்டது, ஆரம்ப நிலையில் இருந்த 18 உட்பட. மீதி 66-இல் 63-ஐச் சரியாக "இல்லை" என்றது. மொத்தம் 116-க்கு 113 சரி. அதுதான் 97%.

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவரும். அதனால் அன்றைக்கு எழுந்த பரபரப்பில் தவறில்லை. அந்த எண்ணும் பொய் இல்லை. ஆனால் இரண்டே வருடத்தில் எல்லாம் சிக்கலாகிவிட்டது.

"97% துல்லியம் என்றால் நூறு பேரில் 97 பேருக்குச் சரியாகச் சொல்கிறது. அப்படியானால் எனக்கு 'நோய் இருக்கிறது' என்று வந்தால், 97% இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" – வங்கி ஊழியர்

முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். நானும் ஒரு காலத்தில் விழுந்தவன்தான்.

அந்த 116 பேரில் "இருக்கிறது" என்று பதில் வந்தது 53 பேருக்கு. அதில் 50 பேருக்கு உண்மையாகவே இருந்தது. 53-க்கு 50, அதாவது 94%. ஆக, நீங்கள் சொல்வது அந்த அறைக்குள் கிட்டத்தட்ட சரிதான்.

இப்போது அதே சோதனையை வெளியே கொண்டு போவோம். மாதவிடாய் நின்ற பெண்களில் சுமார் 2500 பேருக்கு ஒருவருக்குத்தான் இந்த நோய். அப்படி 2500 பேரை வரிசையில் நிற்க வைத்துச் சோதிக்கிறோம். நோய் உள்ள அந்த ஒருவரைப் பிடித்துவிட்டோம், சந்தோஷம். மீதி 2499 பேர்? 66 பேருக்கு 3 பேர் வீதம், அதாவது 22 பேருக்கு ஒருவர் வீதம் தப்பாக மாட்டுவார்கள். கிட்டத்தட்ட 114 பேர். "இருக்கிறது" என்று சீட்டு வாங்கிய 115 பேரில் ஒருவருக்குத்தான் நோய். 94% இருந்தது ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. சோதனையில் ஒரு புள்ளி கூட மாறவில்லை, வரிசையில் நின்ற ஆட்கள்தான் மாறினார்கள்.

அந்த 114 பேரின் நிலைமையையும் பாருங்கள். இந்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய, பல நேரங்களில் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. எதையுமே பார்க்காமல், வருகிற எல்லோரிடமும் "உங்களுக்கு ஒன்றுமில்லை, போங்கம்மா" என்று சொல்லும் ஒரு காவலாளியை வாசலில் உட்கார வையுங்கள். 2500-க்கு 2499 சரி. அவருடைய துல்லியம் 99.96%.

"63/66 என்பதை அப்படியே 95% என்று எடுத்துக்கொண்டு பெருக்கிவிட்டீர்கள். கட்டுரையிலேயே 87 முதல் 99 வரை என்று இடைவெளி கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று, ஏயூசி பார்த்தால் இந்த அரிய நோய்ப் பிரச்சினையே வராது." – டேட்டா சயின்ஸில் வேலை பார்ப்பவர், பெங்களூரு

முதல் குட்டு எனக்கு வேண்டியதுதான். வெறும் 66 பேரை வைத்துச் சொல்லும் எண் அவ்வளவு ஆடும். 99 என்று வைத்தால் 2500 பேரில் சுமார் 25 பேர் தப்பாக மாட்டுவார்கள். 87 என்று வைத்தால் சுமார் 325 பேர். எது என்று அந்தக் கட்டுரையை வைத்துச் சொல்ல முடியாது. நான் சொன்ன 114-ஐ நடுவில் எங்கோ ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏயூசி என்பது, நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரு மாடல், அதாவது கற்றுக்கொண்ட நிரல், எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்பதற்கான மதிப்பெண். அந்த விஷயத்தில் உங்களோடு பாதிதான் ஒத்துப்போவேன். நோய் அரிதாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் அந்த எண் மாறாது, உண்மை. மாறாது என்பதே எனக்குக் குறையாகத் தெரிகிறது. எத்தனை பேர் வீணாக அலைவார்கள் என்பதை அது சொல்லாது. இரண்டு மாடல்களில் எது மேல் என்று ஒப்பிட அது உதவும். ஊரில் எல்லோருக்கும் செய்யலாமா என்று முடிவெடுக்க உதவாது.

"திரும்பவும் நான்தான். பார்க்காத 116 மாதிரியில் சோதித்தார்களே. அது ஒழுங்கான முறைதானே? அப்புறம் எங்கே சிக்கல்?" – அதே பெங்களூருக்காரர்

இதுதான் நல்ல கேள்வி. பழக்கிய மாதிரியும் சோதித்த மாதிரியும் ஒரே இடத்திலிருந்து, ஒரே கை வழியாக வந்தால், தப்பும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டியூஷன் வாத்தியாரே பரீட்சைத் தாளும் தயாரித்த கதை.

அந்தக் குழு தங்கள் தரவுகளை இணையத்தில் வெளியிட்டது. அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் அதை எடுத்துக் குடைந்தார்கள். ஒரு தொகுப்பில் கிடைத்த அடையாளம் இன்னொரு தொகுப்பில் வேலை செய்யவில்லை. அதைவிட மோசம் ஒன்று: வரைபடத்தில் வெறும் இயந்திர இரைச்சல் என்று ஒதுக்கும் பகுதி ஒன்று உண்டு. அதை மட்டும் வைத்தே புற்றுநோய் மாதிரிகளை நன்றாகப் பிரிக்க முடிந்தது. இரைச்சலுக்கு நோய் தெரியாது. இரு வகை மாதிரிகளையும் கலந்து ஓட்டாமல், தனித்தனியாகக் கையாண்டிருக்கலாம் என்பதே அவர்கள் சந்தேகம். முதல் குழு இதை ஏற்கவில்லை, பதில் எழுதினார்கள். என் மனம் ஹூஸ்டன்காரர்கள் பக்கம்தான். 2004-இல் அந்தச் சோதனை வணிகமாக வரவிருந்தபோது, அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவச் சோதனைகளையும் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ தலையிட்டது.

இது பழங்கதை இல்லை. கொரோனா காலத்தில் எக்ஸ்ரே பார்த்து நோய் சொல்லும் மாடல்கள் குவிந்தன. சிலவற்றில் "கொரோனா இல்லாதவர்" என்று வைத்தது, சீனாவின் குவாங்சோவில் எடுத்த, ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் நிமோனியா எக்ஸ்ரேக்களை. கொரோனா படங்களோ பெரியவர்களுடையவை. மாடல் கற்றது குழந்தையா பெரியவரா என்பதை. துல்லியம் பிரமாதமாக வராமல் என்ன செய்யும்?

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. ஒரு திட்டத்தில் எங்கள் மாடல் தீவிர நோயாளிகளை அபாரமாகக் கண்டுபிடித்தது. ஒரு மாதம் தலைகால் புரியவில்லை. அப்புறம் பார்த்தால், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் தள்ளுவண்டி எக்ஸ்ரேயில் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு எழுத்து விழும். எங்கள் மாடல் அந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, மாடல் பற்றி எனக்குத் தெரியாது. என் அம்மா கர்ப்பப்பை கேன்சரில் இறந்தார். எனக்கு 44. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சிஏ-125 என்று ஒன்று 41 வந்திருக்கிறது, 35-க்குள் இருக்க வேண்டுமாம். நாலு நாளாகத் தூக்கம் இல்லை. 97% டெஸ்ட் எங்கே செய்கிறார்கள்?" – இல்லத்தரசி, சேலம்

அம்மா, முதலில் ஒன்று. சிஏ-125 என்பது ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் அளவு. அந்த எண் மட்டும் புற்றுநோய் என்று சொல்லாது. கருப்பைக் கட்டி, கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், சில பேருக்கு மாதவிடாய் நாட்கள், இவற்றிலும் அது ஏறும். மாதவிடாய் நிற்காத வயதில் இது சாதாரணமாக நடப்பது. ஆனாலும் விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

போகும்போது அம்மாவின் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். நாம் "கர்ப்பப்பை கேன்சர்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கருப்பையா, கருப்பை வாயா, சினைப்பையா என்பது முக்கியம். சினைப்பை என்றால் உங்கள் கணக்கே வேறு. நான் மேலே சொன்ன 2500-க்கு ஒருவர் என்ற வரிசையில் நீங்கள் இல்லை. மரபணுச் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்ட அந்த 97% டெஸ்ட் நடைமுறைக்கு வரவே இல்லை.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வருடா வருடம் சிஏ-125 பார்த்து, பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. புற்றுநோயைக் கொஞ்சம் முன்னதாகப் பிடிக்க முடிந்தது. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஏன் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"தம்பி, எல்லாவற்றையும் குறை சொன்னால் எப்படி? கண்ணைப் படம் எடுத்து கம்ப்யூட்டரே சுகர் பாதிப்பைச் சொல்கிறது என்கிறார்கள். அதுவும் டுபாக்கூரா?" – ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

இல்லை ஐயா, உங்கள் ஊர்க் கதையே நல்ல உதாரணம். 2016-இல் கூகுள் குழு விழித்திரைப் படங்களில் நீரிழிவுப் பாதிப்பைக் கண்டறியும் மாடலை வெளியிட்டது. அதைப் பழக்கிய படங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் உண்டு. அதோடு நிற்காமல், அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் புதிதாக வந்த நோயாளிகளிடம் சோதித்து, 2019-இல் வெளியிட்டார்கள். பாதிப்பு உள்ளவர்களில் ஒரு மருத்துவமனையில் சுமார் 89%, இன்னொன்றில் 92% பேரைப் பிடித்தது. தலைப்புக்கு அவ்வளவு கவர்ச்சி இல்லாத எண். நான் அதிகம் நம்புவது இந்த மாதிரி எண்ணைத்தான். சர்க்கரை நோயாளிகளிடம் இந்தப் பாதிப்பு அரிதும் இல்லை, அதனால் வீண் அலைச்சலும் குறைவு.

அதே மாடலைத் தாய்லாந்தின் கிராமப்புற மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டு போனபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் "தெளிவில்லை" என்று திருப்பிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லை, அவ்வளவுதான். நோயாளியைப் பொறுத்தவரை ஒரு நாள் கூலி போனது.

"நான் பத்திரிகையில் உதவி ஆசிரியர். எனக்குத் தலைப்புக்கு எட்டுச் சொல்தான் இடம். 2002 செய்தியை நீங்கள் என்றால் எப்படிப் போட்டிருப்பீர்கள்?"

"சினைப்பைப் புற்றுநோய்: 116 மாதிரிகளில் தேறியது சோதனை." ஆறு சொல். மிச்சம் இரண்டு இருந்தால் "ஒரே ஆய்வகத்தில்" என்று சேர்க்கத் தோன்றுகிறது. உங்கள் ஆசிரியர் இதை முதல் பக்கத்தில் போடுவாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.