காளான் சாறு மாத்திரையில் சத்து குறைவு: வழக்கு எதன் மேல் நிற்கும்?

கேள்வி: இணையத்தில் ரெய்ஷி, கார்டிசெப்ஸ் கலந்த காளான் சாறு மாத்திரை வாங்கினேன். லேபிளில் "10:1 சாறு, பாலிசாக்கரைடு 40 சதவீதம்" என்றும், விளம்பரத்தில் "நோய் எதிர்ப்புச் சக்தியை மூன்று மடங்கு கூட்டும்" என்றும் இருந்தது. மூன்று மாதம் சாப்பிட்டும் சளி விடவில்லை. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் பீட்டா குளுக்கான் 6 சதவீதம்தான் வந்தது. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் பலம் என்று நினைக்கும் இரண்டு விஷயமும் பலவீனமானவை. சளி விடாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதை மனுவின் மையமாக வைக்காதீர்கள். 6 சதவீத ரிப்போர்ட்டும் தனியாக நிற்காது, ஏனென்றால் காளானின் சொந்தச் சத்தான பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று லேபிள் வாக்குத் தரவே இல்லை.

பாலிசாக்கரைடு என்பது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்களின் பொதுப்பெயர், அதற்குள் மாவுச்சத்தும் அடங்கும். காளானைத் தானியத்தில் வளர்த்து, தானியத்தைப் பிரிக்காமல் அப்படியே அரைத்தால் பொடியில் மாவுச்சத்து மிகுந்திருக்கும். சாற்றைப் பொடியாக்கும்போது மாவுச்சத்திலிருந்து செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் பொடியைச் சேர்த்தாலும் அதே கதைதான். அதனால் ரிப்போர்ட்டில் மாவுச்சத்தைக் காட்டும் ஆல்ஃபா குளுக்கான் அளவும் தனியாக இருக்க வேண்டும். ஆல்ஃபா 36, பீட்டா 6 என்று வந்தால் கூட்டுத்தொகை 42. லேபிளின் 40 அப்போது எண்ணளவில் சரியாகிவிடும்! உங்கள் வாதமோ "எண் பொய்" என்பதிலிருந்து "மாவுச்சத்தைக் காளான் சத்து போலக் காட்டினார்கள்" என்பதற்கு மாற வேண்டும். லேபிளில் "முழுக் காளான் மட்டும்" என்று இருந்தால் இந்த வாதம் மிகவும் வலுவாகும். அயோடின் சொட்டு விட்டுக் கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது என்று வீட்டிலேயே தெரியும், ஆனால் அது உங்கள் சந்தேகத்துக்கு மட்டும்தான், சாட்சியமாகாது. 10:1 என்பதும் பத்து கிலோ மூலப்பொருளிலிருந்து ஒரு கிலோ சாறு என்ற கணக்கு மட்டுமே. எந்தச் சத்து எவ்வளவு தங்கியது என்று அது சொல்வதில்லை.

வழக்கின் முதுகெலும்பு "மூன்று மடங்கு" விளம்பரம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பிரிவு 2(28)-ன்படி பொருளின் தன்மை, அளவு, தரம் பற்றி நுகர்வோரைத் தவறாக நம்பவைப்பது தவறான விளம்பரம். எனவே முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அந்த பேட்சின் ஆய்வுச் சான்றை ஆல்ஃபா, பீட்டா தனித்தனியாகக் கேளுங்கள். இதே சாற்றை, இதே அளவில் மனிதர்களுக்குக் கொடுத்து நடத்திய ஆய்வு எது என்றும், மூன்று மடங்கு கூடியது எதை அளந்து என்றும் கேளுங்கள். பெரும்பாலும் எலிகளிடம் செய்த ஆய்வையோ, வேறு சாற்றின் ஆய்வையோ அனுப்புவார்கள். கார்டிசெப்ஸில் இது சாதாரணம்: இயற்கையில் கிடைக்கும் சினென்சிஸ், வளர்ப்பு மிலிட்டாரிஸ், தொட்டியில் நொதிக்கவைத்த பூஞ்சை இழை ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஆய்வு ஒன்றைப் பற்றியும் மாத்திரை வேறொன்றைப் பற்றியும் இருந்தால், அந்தப் பொருத்தமின்மையே உங்கள் சிறந்த ஆவணம்.

சீல் உடைக்காத பாட்டில் ஏதும் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் தொடாதீர்கள். பரிசோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால், நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38-ன்படி நுகர்வோர் ஆணையமே மாதிரியை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நீங்கள் திறந்த பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரியை "ஈரம் ஏறியது, கலப்படம் ஆனது" என்று எதிர்த்தரப்பு தள்ளிவிடும். சீல் உடைக்காத பாட்டிலின் பேட்ச் எண்ணும் உங்கள் பழைய ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுப்பதானால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 பிரிவு 40-ஐக் கவனியுங்கள்: வாங்கும்போதே விற்பவரிடம் பரிசோதிக்கப்போவதாகச் சொல்லியாக வேண்டும். இணைய ஆர்டரில் இதை ஈமெயிலில் எழுதி, ஆர்டர் எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரப் பக்கத்தை இன்றே முகவரி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் போனதும் வாசகம் மாறிவிடும். மின்னணுப் பதிவு என்பதால் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படியான சான்றிதழையும் சேர்த்துவிட்டால் பிறகு சண்டை இல்லை. விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் புற்றுநோய், சர்க்கரை நோய் குணமாகும் என்று எழுதியிருந்தால் அதையும் தனியாக எடுங்கள். அது 1954-ம் ஆண்டின் மந்திர மருந்துகள் தடைச் சட்டத்துக்குள் போகும் வேறு புகார்.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இணையம் வழியாகவும், மனு தாக்கல் செய்யலாம். பணம், வட்டி, செலவு ஆகியவற்றோடு நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 39-ன்கீழ் திருத்த விளம்பரமும் கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் நிறுவனம் பணத்தைவிட இதற்குத்தான் அஞ்சும். காலக்கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். நோட்டீஸ் அனுப்பிக் காத்திருப்பதால் அது நீளாது.